பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று

பால்பல் விழுந்தால் கொஞ்சம் ரத்தம் வரும், பஞ்சை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். அந்தப் பையனுக்கும் நின்றுவிட்டது. ஆறு வயது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டுப் படுத்திருக்கிறான். "நடு ராத்திரியில எந்திரிச்சுப் பாத்தா தலகாணி பூரா ரத்தங்க. பல்லு விழுந்தப்போ நின்னுடுச்சுங்களே, அப்புறம் எப்படிங்க?" என்று அவன் அம்மா கேட்டார். கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அதில் இரண்டு பரிசோதனைகளின் பெயர் இருந்தது: பி.டி., ஏ.பி.டி.டி.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கான பதில் அந்தச் சீட்டிலிருந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்த உறைவைச் சோதிக்கும் மேசையில் பல வருடம் நின்றவள் நான். லேப் டெக்னீஷியன் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லியும் கொடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு பெரிய படம் இருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று காரணிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புகள், இடது பக்கம் உள்வழி, வலது பக்கம் வெளிவழி, இரண்டும் சேரும் இடத்தில் பொதுவழி. பரீட்சைக்கு முதல் நாள் அதை மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகும். மறப்பதில் வியப்பில்லை. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அது உடம்பைப் பார்த்து வரைந்த படம் அல்ல. கண்ணாடிக் குழாயில் செய்யும் இரண்டு சோதனைகளைப் பார்த்து வரைந்தது. சோதனையைத் தெரிந்துகொண்டால் படத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

பையனின் கையிலிருந்து ரத்தம் எடுத்தோம். நீல மூடி போட்ட சிறு குழாய். அதில் முன்னதாகவே 0.3 மில்லி சிட்ரேட் கரைசல் இருக்கும். அதில் குறித்த கோடு வரை, அதாவது 2.7 மில்லி ரத்தம் ஏற வேண்டும். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் தேவை. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் குழாயில் இருக்கும்வரை ரத்தம் உறையாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் செல்கள் அடியில் படியும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். உறைதல் காரணிகள் எல்லாம் அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கின்றன. உறையத் தயாராக, ஆனால் கால்சியம் இல்லாமல் காத்திருக்கின்றன.

இனி நம் கையில் இருப்பது ஒரே கேள்வி: உறைவை எங்கிருந்து தொடங்கி வைப்பது?

பி.டி. சோதனையில் பிளாஸ்மாவை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கி, திசுவிலிருந்து எடுத்த ஒரு சாற்றையும் கால்சியத்தையும் அதில் சேர்க்கிறோம். 1935-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குவிக் இதைக் கொண்டுவந்தபோது அந்தச் சாறு முயல் மூளையிலிருந்து வந்தது. அதில் திசுக்காரணி என்ற புரதம் நிறைய உண்டு. ரத்தக்குழாய்க்கு வெளியே, தோலிலும் தசையிலும் மூளையிலும் இருக்கும் பொருள் அது. வெட்டுப்பட்டால்தான் ரத்தம் அதைச் சந்திக்கும். ரத்தத்துக்கு வெளியிலிருந்து வந்து உறைவைத் தூண்டுவதால் இதற்கு வெளிவழி என்று பெயர். திசுக்காரணி ரத்தத்தில் உள்ள 7-ஆம் காரணியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து 10-ஆம் காரணியை எழுப்பும். வெளிவழி அவ்வளவுதான். ஒரே ஒரு காரணி, 7. வழி குறுகியது, அதனால் விரைவாக முடியும். சாதாரணமாகப் பன்னிரண்டு பதின்மூன்று வினாடியில் குழாயைச் சாய்த்தால் நீர் ஓடாது, கஞ்சிபோல் இறுகி நிற்கும்.

ஏ.பி.டி.டி.யில் திசுக்காரணியே சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் பிளாஸ்மாவில் கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணையோ, நுண்ணிய சிலிக்காத் தூளையோ கலக்கிறோம். பிளேட்லெட்டின் மேற்பரப்பைப் போன்ற ஒரு கொழுப்பையும் சேர்க்கிறோம். களிமண்ணின் மேற்பரப்பு பட்டதும் 12-ஆம் காரணி விழித்துக்கொள்ளும். அது 11-ஐ எழுப்பும், 11 போய் 9-ஐ எழுப்பும், 9 தன் துணையான 8-ஐச் சேர்த்துக்கொண்டு 10-ஐ எழுப்பும். சில நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு கால்சியம் விட்டு நேரத்தை எண்ணத் தொடங்குவோம். ஏறக்குறைய 25-லிருந்து 35 வினாடியில் உறையும். தேவையான காரணி எல்லாம் பிளாஸ்மாவுக்குள்ளேயே இருக்கின்றன, வெளியிலிருந்து திசு எதுவும் தேவையில்லை. அதனால் உள்வழி.

இரண்டு வழியும் 10-ல் வந்து சேர்கின்றன. அங்கிருந்து கடைசிவரை ஒரே பாதை. 10-ஆம் காரணி 5-ஐத் துணைக்கு வைத்துக்கொண்டு 2-ஐ, அதாவது புரோத்ராம்பினை, த்ராம்பினாக மாற்றும். த்ராம்பின் 1-ஐ, அதாவது ஃபைப்ரினோஜனை, நூலாக்கும். அந்த நூல்தான் குழாயில் நாம் பார்க்கும் உறைவு.

இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இப்படி. பொதுவழி நம் சட்டைப்பையில் இருக்கிறது: பத்து ரூபாய், ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு ரூபாய். நாணயங்களைப் பெரிதிலிருந்து வரிசையாக மேசையில் வையுங்கள், அதுதான் பொதுவழி. உள்வழிக்குப் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: 12, 11, அடுத்து வர வேண்டிய 10 ஏற்கனவே சட்டைப்பைக்குப் போய்விட்டதால் அதைத் தாண்டி 9, 8. மிச்சம் இருப்பது 7, அது வெளிவழி. சோதனையின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். ஏ.பி.டி.டி.யில் நான்கு எழுத்து, அதற்கு மட்டும் சொந்தமான காரணிகள் நான்கு. பி.டி. சின்னப் பெயர், அதற்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று. 3 என்பது திசுக்காரணி, 4 என்பது கால்சியம். 6 என்று ஒரு காரணியே கிடையாது. தனிக் காரணி என்று நினைத்து 6 என்று எண் கொடுத்தார்கள், பிறகு பார்த்தால் அது விழித்துக்கொண்ட 5. எண்கள் கண்டுபிடித்த வரிசையில் வந்தவை, வேலை செய்யும் வரிசையில் வந்தவை அல்ல. இதைச் சொன்னதும் பலருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் இவை ரோமன் எண்ணில் இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

பையனின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். பி.டி. 12.5 வினாடி, சரி. ஏ.பி.டி.டி. 78 வினாடி.

நாணயங்களை மேசையில் வைத்தவர் இங்கேயே பாதித் தூரம் போய்விடலாம். பி.டி. சரியாக இருக்கிறது என்றால் 7 சரி, 10, 5, 2, 1 எல்லாம் சரி. பொதுவழி கெட்டிருந்தால் இரண்டு சோதனையும் நீண்டிருக்கும். நீண்டது ஏ.பி.டி.டி. மட்டும், ஆக ஓட்டை 12, 11, 9, 8 என்ற நான்கில் எங்கோ இருக்கிறது.

ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது குழாய். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. வீங்கிய குட்டிக் கையில் நரம்பு கிடைக்காமல் ஒன்றரை மில்லி ரத்தத்தோடு நிறுத்தி விடுவார்கள். குழாயில் சிட்ரேட் அதே 0.3 மில்லிதான். ரத்தம் பாதி என்றால் சிட்ரேட் இரட்டிப்பு. சோதனையில் நாம் விடும் கால்சியத்தில் ஒரு பகுதியை அந்த மிச்ச சிட்ரேட் விழுங்கிவிடும், நேரம் நீளும், நல்ல பிள்ளைக்கு நோய் என்று ரிப்போர்ட் போகும். இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரித்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் செல்கள் மிக அதிகம், பிளாஸ்மா குறைவு. அவர்கள் குழாயைக் கோடுவரை நிரப்பினாலும் இதே தவறு நேரும். அவர்களுக்குச் சிட்ரேட்டைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். குழாய்க்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்றும் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். கட்டி இருந்தால் காரணிகள் அதிலேயே செலவாகியிருக்கும். பையனின் குழாயில் ரத்தம் கோட்டைத் தொட்டிருந்தது, கட்டியும் இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தோம், 77 வினாடி வந்தது.

அடுத்தது கலந்து பார்ப்பது. எனக்கு இந்த மேசையில் மிகப் பிடித்த சோதனை இது. பையனின் பிளாஸ்மா ஒரு பங்கு, பல ஆரோக்கியமான ஆட்களின் பிளாஸ்மாவைச் சேர்த்து வைத்த கலவை ஒரு பங்கு. சரிபாதி. எந்தக் காரணியும் பாதியளவு இருந்தாலே சோதனையின் நேரம் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். பையனிடம் ஒரு காரணி சுத்தமாக இல்லையென்றாலும், கலந்த பிறகு பாதி கிடைத்துவிடும், நேரம் இறங்கும். ஆனால் பையனின் ரத்தத்தில் காரணியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், அது சேர்த்த நல்ல பிளாஸ்மாவையும் கெடுக்கும், நேரம் இறங்காது. 8-ஆம் காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் மெதுவாக வேலை செய்யும். கலந்த உடனே பார்த்தால் நேரம் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிட்டு, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தபின் நீளும். அதனால் இரண்டு தடவை பார்க்க வேண்டும். பையனுடையது உடனே 33 வினாடி, இரண்டு மணி நேரம் கழித்து 35. எதிர்ப்பொருள் இல்லை. ஒரு காரணிதான் குறைவு.

எது? நான்கில் 12 இருக்க முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். 11 குறைவது அரிது, அதிலும் ரத்தப்போக்கு பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்போதுதான் தெரியும். ஆறு வயது ஆண் பிள்ளைக்கு 8 அல்லது 9 என்பதே முதல் சந்தேகம். இந்த இடத்தில் குழாயை வைத்துவிட்டு அம்மாவிடம் போக வேண்டும்.

"உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம இருந்திருக்குங்களாம்மா?"

"என் அண்ணனுக்குத்தாங்க. சின்ன வயசுலயே முட்டி வீங்கி வீங்கி, இப்ப மடங்காதுங்க. வாதம்னு சொன்னாங்க."

8, 9 இரண்டுக்குமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே. அம்மாவிடமிருந்து வரும் அந்த ஒன்று கெட்டதாக இருந்தால் பையனுக்கு ஹீமோஃபிலியா. பாட்டி அதைத் தன் மகனுக்கும் கொடுத்திருக்கலாம், மகளுக்கும் கொடுத்திருக்கலாம். அதனால் இந்த நோயில் முதலில் விசாரிக்க வேண்டிய உறவு தாய்மாமன். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்கும் அதே மாமன். அவருடைய மடங்காத முட்டி வாதம் அல்ல, மூட்டுக்குள் திரும்பத் திரும்பக் கசிந்த ரத்தம். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் இது வரும், ஆகவே மாமன் நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

8-ஆ 9-ஆ என்பதைக் குழாயே சொல்லும். 8 அறவே இல்லாத, மற்ற எல்லாம் உள்ள பிளாஸ்மா விலைக்குக் கிடைக்கிறது. அதில் பையனின் பிளாஸ்மாவை நீர்த்துச் சேர்த்து ஏ.பி.டி.டி. பார்த்தோம். நேரம் இறங்கவே இல்லை, அவனிடம் கொடுக்க 8 இல்லை. 9 இல்லாத பிளாஸ்மாவில் சேர்த்தபோது நன்றாக இறங்கியது. அளந்ததில் 8-ஆம் காரணி 2 சதவீதம். ஒன்றுக்குக் கீழே என்றால் கடுமையான ஹீமோஃபிலியா, ஒன்றிலிருந்து ஐந்து வரை நடுத்தரம், அதற்கு மேல் லேசானது. பையனுக்கு நடுத்தர ஹீமோஃபிலியா ஏ. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம்தான் 8-ஐ ரத்தத்தில் சுமந்து செல்கிறது. அது குறைந்தாலும் 8 குறையும், அது பெண் பிள்ளைகளுக்கும் வரும். அதையும் அளந்து, சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே ரிப்போர்ட்டில் கையெழுத்தானது.

அம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பல் விழுந்த காயத்தில் முதலில் ஓடி வருவது பிளேட்லெட்டுகள். அவை ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாக நிற்கும். பையனின் பிளேட்லெட் நன்றாக இருந்தது, அதனால் ரத்தம் நின்றது. ஆனால் அந்த அடைப்பு தற்காலிகமானது. ஃபைப்ரின் நூல் வந்து பின்னினால்தான் அது நிலைக்கும். 8 இல்லாததால் நூல் போதிய அளவில் வரவில்லை. சில மணி நேரத்தில் அடைப்பு பெயர்ந்தது, தலையணை நனைந்தது. நின்று, பிறகு தொடங்குவது உறைதல் காரணிக் குறைவின் கையெழுத்து.

காரணி 8 ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது. அங்கே போகச் சொல்லி, தசையில் ஊசி வேண்டாம், ஆஸ்பிரின் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாமனையும் அழைத்து வரச் சொன்னோம். முட்டி இனி மடங்காது, ஆனால் ஒரு பல் பிடுங்குவதற்கு முன்னால் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

8, 9 என்று இரண்டாகப் பிரிந்ததே கலந்து பார்த்ததால்தான். 1940-களில் அர்ஜென்டினாவின் பாவ்லோவ்ஸ்கி ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தம் இன்னொரு ஹீமோஃபிலியா நோயாளியின் உறைவைச் சரிசெய்வதைக் கவனித்தார். இருவருக்கும் ஒரே காரணி இல்லையென்றால் அப்படி நடக்க முடியாது. 1952-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் மெக்ஃபார்லேனும் அவர்களோடு பணியாற்றியவர்களும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அவர்கள் பார்த்த ஒரு சிறுவனின் பெயர் ஸ்டீபன் கிறிஸ்துமஸ், அதனால் 9-ஆம் காரணிக்குக் கிறிஸ்துமஸ் காரணி என்று பெயர் வந்தது. கட்டுரை டிசம்பர் கடைசி வாரத்தில் வெளிவந்தது.

12-க்கு வருகிறேன். 1950-களில் அமெரிக்காவில் ஜான் ஹேகமன் என்ற ரயில்வே பிரேக்மேனுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் வழக்கமாகச் செய்யும் சோதனை செய்தார்கள். அவர் ரத்தம் குழாயில் உறையவே மிக நீண்ட நேரம் பிடித்தது. ஆனால் அந்த மனிதருக்கு வாழ்நாளில் ரத்தப்போக்குத் தொந்தரவு எதுவும் இருந்ததில்லை. ஆஸ்கர் ராட்னாஃப் அவரிடம் இல்லாத பொருளைத் தேடிப்போய்க் கண்டதுதான் 12-ஆம் காரணி. 1968-ல் ஹேகமன் இறந்தார். ரத்தம் நிற்காமல் அல்ல, எலும்பு முறிவுக்குப் பின் காலில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்ததால்.

நான் முதலில் சொன்னதற்கு ஹேகமனே சாட்சி. 12 இல்லாமல் குழாயில் உறையாது, உடம்பில் உறையும். உடம்பில் காயம் பட்டால் களிமண் பட்டு உறைவு தொடங்குவதில்லை. தொடங்கி வைப்பது திசுக்காரணியும் 7-ம். அவை 10-ஐ மட்டும் எழுப்புவதில்லை, நேரே 9-ஐயும் எழுப்புகின்றன. வெளிவழியிலிருந்து உள்வழிக்கு ஒரு குறுக்குச் சந்து அது. வெளிவழி தொடங்கிவைத்த சிறு பொறியை 9-ம் 8-ம் சேர்ந்து பெரிதாக ஊதுகின்றன, அவை இல்லாவிட்டால் பொறி அணைந்துபோகும். பி.டி. சோதனையில் திசுக்காரணியை நாம் அள்ளிக் கொட்டுகிறோம், அதனால் ஊத ஆள் தேவைப்படுவதில்லை. பையனின் பி.டி. சரியாக இருந்தும் அவனுக்கு ரத்தம் நிற்காததன் காரணம் இதுதான்.

பி.டி. மட்டும் நீண்டால் 7-ஐப் பார்க்க வேண்டும். 7 பிறவியிலேயே இல்லாதவர் மிகச் சிலர். பெரும்பாலும் அது வார்ஃபரின் மாத்திரை, வைட்டமின் கே குறைவு, அல்லது கல்லீரல். கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துச் செய்யும் காரணிகள் 2, 7, 9, 10. நான்கும் குறையும்போது பி.டி. மட்டும் முதலில் ஏறுவது, 7-க்கு ஆயுள் மிகக் குறைவு என்பதால். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகிவிடும், 2-க்கு இரண்டரை மூன்று நாள் ஆகும். இதை மறந்தால் ஆபத்து. வார்ஃபரின் தொடங்கிய இரண்டாம் நாளே ஐ.என்.ஆர். ஏறியிருக்கும், மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். இறங்கியிருப்பது 7 மட்டும். கட்டியை உண்டாக்கும் 2 இன்னும் நிறைய இருக்கிறது. அதனால்தான் ஹெப்பாரின் ஊசியை முதல் சில நாள் சேர்த்தே போடுகிறார்கள். ஐ.என்.ஆர். என்பதும் பி.டி.தான். ஒவ்வொரு கம்பெனியின் திசுச்சாறும் ஒவ்வொரு வேகத்தில் உறைய வைக்கும், அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்து, எந்த ஊர் லேபில் பார்த்தாலும் ஒரே எண் வரும்படி செய்தது.

இரண்டும் சேர்ந்து நீண்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள்: 10, 5, 2, 1. நம் ஊரில் இதற்கு மிக உக்கிரமான எடுத்துக்காட்டு வயல் வரப்பில் கிடக்கிறது. கண்ணாடி விரியனின் நஞ்சு 12-க்கோ 7-க்கோ காத்திருப்பதில்லை. நேராகப் பத்திலும் ஐந்திலும் கை வைக்கிறது. உடம்பெங்கும் உறைவு தொடங்கி, ஃபைப்ரினோஜன் முழுவதும் செலவாகிறது. கடைசியில் உறைய எதுவும் மிச்சமில்லை, ஈறிலிருந்தும் சிறுநீரிலும் ரத்தம் வரும். கருவியில் இரண்டு நேரமும் முடிவில்லாமல் ஓடும். ஆனால் கடிபட்டவர் வந்து சேரும் சின்ன மருத்துவமனையில் கருவி இருக்காது. இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்க்க வேண்டும். நீராக ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். கண்ணாடி ஏன்? கண்ணாடிப் பரப்பும் களிமண்ணைப்போல 12-ஐ எழுப்பும். பிளாஸ்டிக் குழாய் எழுப்பாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் நம்ப முடியாது. நல்ல ரத்தம்கூட அதில் உறையாமல் நின்று தவறான பயத்தை உண்டாக்கும். மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது, கல்லீரல் புது ஃபைப்ரினோஜனைச் செய்து முடிக்க அவ்வளவு நேரமாகும் என்பதால்.

இதே நஞ்சு இதே நோய்க்கு மருந்தாகவும் இருந்திருக்கிறது. 1934-ல் மெக்ஃபார்லேனும் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் ஊர்வன பிரிவைப் பார்த்துக்கொண்ட பர்ஜஸ் பார்னெட்டும் கண்ணாடி விரியன் நஞ்சை வெகுவாக நீர்த்து, ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தில் வைத்தார்கள், ரத்தம் நின்றது. 8 இல்லாத ஆளுக்கு 8-ஐத் தாண்டிக்கொண்டு நேரே பத்தில் இறங்குகிற பொருள், நிற்கத்தானே செய்யும். எந்தக் காரணியின் எண்ணும் அப்போது யாருக்கும் தெரியாது. முப்பது வருடம் கழித்து, 1964-ல், ஒரு நொதி அடுத்ததை எழுப்பும் சங்கிலியாக முழுப் படத்தையும் வரைந்தவர்களில் ஒருவர் அதே மெக்ஃபார்லேன். அதே வருடம் அதை அருவி என்று பெயரிட்டு எழுதியவர்கள் டேவியும், ஹேகமனைச் சோதித்த அதே ராட்னாஃபும்.

கடைசியாக, இரண்டு சோதனையும் சரியாக இருந்தும் ரத்தம் போகும் ஆட்கள். இங்கேதான் படத்தை நம்பியவர் ஏமாறுவார். 8-ஆம் காரணி முப்பது நாற்பது சதவீதம் இருக்கும் லேசான ஹீமோஃபிலியாவில் ஏ.பி.டி.டி. சரியாகவே வரலாம். பிளேட்லெட் கோளாறை இந்த இரண்டும் பார்ப்பதே இல்லை. இன்னொன்று 13-ஆம் காரணி. அது நூல்களை ஒன்றோடொன்று தைக்கும். நம் கடிகாரமோ நூல் வந்ததுமே நின்றுவிடும், தைப்பதற்குக் காத்திருப்பதில்லை. 13 இல்லாத குழந்தைக்குப் பிறந்த சில நாளில் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசியும், நிற்கும், மறுபடி கசியும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த அரிய குறைவுகள் கூடுதலாக வருகின்றன, அதனால் தென்னிந்தியாவில் இதை மறக்கக் கூடாது.

அதற்கான சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. குழந்தையின் பிளாஸ்மாவைக் குழாயில் உறைய வைக்கிறோம், மற்றவர்களுடையதைப் போலவே உறையும். அந்த உறைவின் மேல் அடர்த்தியான யூரியாக் கரைசலை ஊற்றி ஒரு நாள் வைக்கிறோம். பக்கத்திலேயே நல்ல பிளாஸ்மாவில் செய்த இன்னொரு குழாய். மறுநாள் காலை நல்ல குழாயில் உறைவு அப்படியே மிதக்கும். குழந்தையின் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருக்கும்.